ஒரே பெட்டியில் இரண்டு கண்ணாடிகள்: முப்பட்டகத்தின் சிறுமத் திசைமாற்றம், ஒளிவிலகல் எண், நிறப்பிரிகை – முழுமையான வழிகாட்டி

கடலூரில் உள்ள கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாக இயற்பியல் செய்முறை வகுப்புகளை நடத்தி வருகிறேன். எங்கள் அலமாரியில் இருக்கும் பழைய மரப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பன்னிரண்டு முப்பட்டகங்களை அடுக்கியிருக்கிறோம். பார்வைக்கு அவை அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை அடுத்தடுத்த மேசைகளில் அளவெடுத்த இரு மாணவிகளில் ஒருவருக்கு ஒளிவிலகல் எண் 1.517 என்றும், மற்றவருக்கு 1.620 என்றும் வந்தன. இரண்டாமவர் தம் விடையே தவறு என்று முடிவு செய்து, தோழியின் அளவுகளுக்கு ஏற்பத் தம் ஏட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டார். நான் அந்த இரு முப்பட்டகங்களையும் அவருடைய இரு உள்ளங்கைகளிலும் வைத்தேன். ஒன்று நன்றாகக் கனத்தது. கனமானது ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடி. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.6 கிராம். மற்றது 2.5 கிராம் அடர்த்தி கொண்ட கிரௌன் கண்ணாடி. இரு விடைகளும் சரியானவை.

அந்தக் கனமான முப்பட்டகத்தையே எடுத்துக்கொண்டு, அதன் ஒளிவிலகல் எண்ணை நிறமாலைமானியில் காண்பது எப்படி என்பதையும், அதே கருவியில் நிறங்கள் விரிந்து தெரிவது ஏன் என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

திசைமாற்றம் ஏன் ஓரிடத்தில் நின்று திரும்புகிறது

முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் i என்னும் படுகோணத்தில் விழும் கதிர், உள்ளே r₁ கோணத்தில் விலகிச் சென்று, இரண்டாம் முகத்தை r₂ கோணத்தில் அடைந்து, e என்னும் வெளியேறு கோணத்தில் வெளிவருகிறது. முப்பட்டகக் கோணம் A என்றால், வடிவியலின்படி r₁ + r₂ = A ஆகும்; மொத்தத் திசைமாற்றம் D = i + e − A ஆகும். இதுவரை எல்லாப் பாடநூலிலும் உள்ளதுதான். மாணவர்கள் தடுமாறுவது அடுத்த படியில்: D ஏன் ஒரு சிறும மதிப்பை அடைகிறது, அப்போது i யும் e யும் ஏன் சமமாக இருக்க வேண்டும்?

நம் பிளின்ட் முப்பட்டகத்தின் கோணம் சரியாக 60°, ஒளிவிலகல் எண் 1.62 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். படுகோணம் 40° என்றால் திசைமாற்றம் 55°6' ஆகிறது. 45° இல் அது 50°20' ஆகவும், 50° இல் 48°34' ஆகவும் குறைகிறது. ஏறத்தாழ 54° இல் 48°12' என்ற மிகக் குறைந்த அளவைத் தொட்டுவிட்டு, 60° இல் மறுபடி 48°49' ஆக ஏறிவிடுகிறது. இந்த வளைகோட்டின் இடது கை செங்குத்தாகவும் வலது கை சாய்வாகவும் இருப்பதைக் கவனியுங்கள். இதைச் சமச்சீரான கிண்ணம்போல வரைந்து, நடுப்புள்ளியைச் சிறுமம் என்று எடுப்பவர்களின் விடை வலப்பக்கம் நகர்ந்துவிடும்.

இனி 50° இல் விழும் கதிரை மட்டும் பாருங்கள். அது 58°34' இல் வெளியேறுகிறது. அந்தக் கதிரை வந்த வழியே திருப்பி அனுப்பினால், 58°34' இல் நுழைந்து 50° இல் வெளியேறும். பாதை அதே பாதைதான் என்பதால் திசைமாற்றமும் மாறாது. ஆகவே 50°, 58°34' ஆகிய இரண்டும் ஒரே D க்கு உரிய இரட்டைப் படுகோணங்கள். வளைகோட்டில் கீழே இறங்க இறங்க இந்த இரட்டையர் ஒருவரையொருவர் நெருங்கி வந்து, அடிப்புள்ளியில் ஒன்றாகிவிடுகின்றனர். அங்கே i யும் e யும் ஒன்றே; எனவே r₁ = r₂ = A/2 ஆகும். கதிர் முப்பட்டகத்தின் இருபுறத்தையும் ஒரேபோல் கடக்கிறது. அப்போது படுகோணம் (A + D)/2 ஆக இருப்பதால், ஸ்னெல் விதி நமக்குத் தேவையான சமன்பாட்டைத் தந்துவிடுகிறது.

```
n = sin((A + D)/2) / sin(A/2)
```

சிறும நிலையை நாடுவதற்குக் காரணம் இந்தச் சமன்பாட்டின் எளிமை மட்டுமன்று. அடிப்புள்ளியில் வளைகோடு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், மேடையைத் திருப்புவதில் 1° பிசகினாலும் D இல் ஏறத்தாழ 1 நிமிடம்தான் கூடுகிறது. படுகோணத்தை அளக்கவே தேவையில்லாத முறை இது. கருவி தானாகவே பிழையைப் பொறுத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் 1810-களில் கண்ணாடிகளின் ஒளிவிலகல் எண்களை அதுவரை எட்டாத நுட்பத்தில் அளந்ததும் இந்த நிலையைப் பயன்படுத்தித்தான்.

வளைகோட்டின் இடது ஓரத்தில் ஒரு முட்டுச்சந்தும் இருக்கிறது. நம் முப்பட்டகத்தில் படுகோணம் ஏறத்தாழ 37° க்குக் கீழே போனால், இரண்டாம் முகத்தை அடையும் கதிர் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டி முழு அக எதிரொளிப்பு அடைந்துவிடும். எதுவும் வெளியே வராது. கிரௌன் கண்ணாடிக்கு இந்த எல்லை ஏறத்தாழ 29° தான். மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் குண்டூசி முறையில் இதே சோதனையைச் செய்யும் புதுச்சேரி மாணவர்கள் சிலர், பாகூர்ப் பக்கமிருந்து என்னிடம் சந்தேகம் கேட்டு வருவார்கள். "ஐயா, 35° யில ஊசியே தெரியலீங்க" என்பார்கள். அவர்களுடைய கண்ணில் கோளாறில்லை. கையில் இருப்பது பிளின்ட்.

கருவியைச் சரிசெய்தல்

நிறமாலைமானியில் ஒளியைப் பிளவு வழியாக வாங்கி இணைகற்றையாக்கும் இணையாக்கி, நடுவில் முப்பட்டக மேடை, அதைச் சுற்றிவரும் தொலைநோக்கி, கோணம் காட்டும் வட்ட அளவுகோல், அதில் எதிரெதிரே இரண்டு வெர்னியர்கள் ஆகியன உள்ளன.

முதலில் கண்ணருகு வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் குறுக்குக் கம்பிகள் தெளிவாகத் தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு தொலைநோக்கியைச் சன்னல் பக்கம் திருப்பி, தூரத்துப் பொருள் ஒன்றின் பிம்பம் கூர்மையாகும்வரை திருக வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கு ஒரு செல்பேசிக் கோபுரத்தின் உச்சியைப் பயன்படுத்துகிறோம். எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்துச் சரிசெய்பவர்களின் கருவி இணைகதிருக்குச் சரியாக அமைவதில்லை, ஏனெனில் அது போதிய தூரத்தில் இல்லை. தலையை இடமும் வலமும் லேசாக அசைத்தால் பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒன்றையொன்று விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் இடமாறு தோற்றப் பிழை இருக்கிறது என்று பொருள். இதற்குப் பிறகு தொலைநோக்கியின் குவியத் திருகை யாரும் தொடக் கூடாது. அடுத்து, தொலைநோக்கியை இணையாக்கிக்கு நேரே கொண்டுவந்து, பிளவின் பிம்பம் கூர்மையாகும்வரை இணையாக்கியை மட்டும் சரிசெய்ய வேண்டும். பிளவைச் செங்குத்தாகவும் மயிரிழைபோல ஒடுக்கமாகவும் வைத்தால்தான் குறுக்குக் கம்பியை அதன் ஒரே விளிம்பில் ஒவ்வொரு முறையும் பொருத்த முடியும். மேடையை ரசமட்டம் வைத்து மூன்று திருகுகளால் சமன் செய்வது கடைசி வேலை.

சோடியம் ஆவி விளக்கை வகுப்புத் தொடங்கியவுடன் போட்டுவிடுவது நல்லது. அது முதலில் இளஞ்சிவப்பாக எரிந்து, சோடியம் ஆவியாகப் பத்து நிமிடம் பிடித்த பிறகே முழு மஞ்சளாகும். கடற்காற்று வீசும் ஊர் என்பதால் முப்பட்டக முகங்களில் மெல்லிய மங்கல் படிந்திருக்கும். சாராயத்தில் நனைத்த மென்பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, அதன் பின் மழுங்கலான முகத்தையோ விளிம்பையோ மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும்.

முப்பட்டகக் கோணம் A

முப்பட்டகத்தின் மழுங்கலான முகம் இணையாக்கிக்கு எதிர்ப்புறமும், ஒளிவிலகு விளிம்பு இணையாக்கியை நோக்கியும் இருக்கும்படி மேடையில் வைக்கவும். இணைகற்றை விளிம்பில் இரண்டாகப் பிளந்து, இரு பளபளப்பான முகங்களிலும் பட்டு எதிரொளிக்கும். தொலைநோக்கியால் பார்க்கும் முன் வெறுங்கண்ணால் இரு பக்கமும் பிளவின் பிம்பத்தைத் தேடிப் பிடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் தெரியாவிட்டால், விளிம்பு மேடையின் நடுவை விட்டு விலகி இருக்கிறது. முப்பட்டகத்தைப் பின்னுக்குத் தள்ளி, விளிம்பை நடுவுக்கு அருகே கொண்டுவந்தால் இரண்டும் கிடைக்கும்.

இரு பிம்பங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 2A ஆகும். நம் முப்பட்டகத்துக்கு முதல் வெர்னியரில் 38°12', 158°16' என்று வந்தன, வேறுபாடு 120°4'. இரண்டாம் வெர்னியரில் 218°14', 338°14' என்று வந்தன, வேறுபாடு 120°0'. சராசரி 120°2'; ஆகவே A = 60°1'. "60° என்று தெரிந்ததுதானே, எதற்கு அளக்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்குக் கீழே பிழைக் கணக்கில் விடை இருக்கிறது.

ஓர் இடைச்செய்தி. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி. வி. இராமன், இப்படி நிறமாலைமானியில் முப்பட்டகக் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோதுதான், முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டு எதிரொளித்த ஒளியில் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளைக் கண்டார். அதுவே 1906 இல் லண்டன் இதழில் வெளியான அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையானது. நம் மாணவர்களும் அதே பட்டைகளைப் பார்க்கிறார்கள். பிளவு அழுக்காக இருக்கிறது என்று துடைக்கப் போகிறார்கள்.

சிறுமத் திசைமாற்றக் கோணம் D

மேடையைத் திருப்பி, ஒரு பளபளப்பான முகத்தில் ஒளி சாய்வாக விழும்படி செய்யவும். விலகிய ஒளி எப்போதும் முப்பட்டகத்தின் அடிப்பக்கம், அதாவது மழுங்கலான முகம் இருக்கும் பக்கம், வளைந்து வெளிவரும். அந்தப் பக்கம் கண்ணை வைத்து மஞ்சள் பிம்பத்தைக் கண்டுபிடித்த பிறகே தொலைநோக்கியை அங்கே கொண்டுவர வேண்டும். எதிரொளித்த பிம்பத்தை விலகிய பிம்பம் என்று எண்ணி அரைமணி நேரம் வீணாக்கியவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எளிது: மேடையை ஒரே திசையில் சுழற்றும்போது எதிரொளித்த பிம்பம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், விலகிய பிம்பம் ஓரிடத்தில் நின்று திரும்பும்.

மேடையை மெதுவாகச் சுழற்றி, பிம்பம் நேர்க்கதிரின் திசையை நோக்கி நகரும்படி செய்யுங்கள். தொலைநோக்கி அதைப் பின்தொடரட்டும். ஓரிடத்தில் பிம்பம் தயங்கும். மேடையை அதே திசையில் தொடர்ந்து சுழற்றினாலும் அது வந்த வழியே திரும்பிப் போகும். அந்தத் தயங்கும் இடமே சிறும நிலை. மேடையை அங்கே பூட்டி, தொலைநோக்கியையும் பூட்டிவிட்டு, நுண் திருகால் குறுக்குக் கம்பியைப் பிம்பத்தின் விளிம்பில் பொருத்த வேண்டும். பிறகு மேடையை ஒருமுறை லேசாக முன்னும் பின்னும் அசைத்து, பிம்பம் கம்பியைத் தொட்டுத் திரும்புகிறதா, அல்லது அதைக் கடந்து போகிறதா என்று சோதிப்பது என் வழக்கம். கடந்து போனால் நாம் பிடித்தது சிறுமம் அன்று.

வெர்னியரை வாசிக்கும் இடத்தில்தான் அதிகம் தவறு நேர்கிறது. நம் கருவியில் முதன்மை அளவுகோல் அரைப் பாகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வெர்னியரின் 30 பிரிவுகள் முதன்மை அளவுகோலின் 29 பிரிவுகளுக்குச் சமம். ஆகவே மீச்சிற்றளவு 1 நிமிடம். சிறும நிலையில் முதல் வெர்னியரின் சுழி 72° கோட்டைத் தாண்டியிருந்தது. 24 ஆம் பிரிவு ஒன்றியிருந்தது. எனவே அளவு 72°24'. முப்பட்டகத்தை எடுத்துவிட்டு நேர்க்கதிரைப் பார்த்தபோது, சுழி 120° ஐத் தாண்டி அடுத்த அரைக்கோட்டையும் தாண்டியிருந்தது. ஒன்றியது 8 ஆம் பிரிவு. இதை 120°8' என்று எழுதுபவர் அரைப் பாகையை விழுங்கிவிட்டார். சரியான அளவு 120°30' உடன் 8' சேர்ந்த 120°38'. வேறுபாடு 48°14'. இரண்டாம் வெர்னியரில் 252°25', 300°37' என்று வந்தன, வேறுபாடு 48°12'. சராசரி D = 48°13'.

இரண்டு வெர்னியர்களையும் வாசிப்பது வெறும் சடங்கன்று. அளவுகோலின் மையமும் தொலைநோக்கி சுழலும் மையமும் முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. எதிரெதிர் வெர்னியர்களின் சராசரியில் அந்தப் பிழை நீங்கிவிடும். அத்துடன், இரு வேறுபாடுகளுக்கும் இடையே 2 அல்லது 3 நிமிடம் இருப்பது இயல்பு. 30 நிமிடம் இருந்தால் எங்கோ ஓர் அரைப் பாகை விழுங்கப்பட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். வாசிப்பு 360° ஐக் கடந்து போயிருந்தால், சிறிய எண்ணுடன் 360° ஐக் கூட்டிவிட்டுக் கழிக்க வேண்டும்.

கணக்கும் அதன் நம்பகமும்

A + D = 60°1' + 48°13' = 108°14'. இதில் பாதி 54°7'. A இல் பாதி 30°0.5'.

```
n = sin 54°7' / sin 30°0.5'
  = 0.81021 / 0.50013
  = 1.620
```

இந்த விடையில் எத்தனை தசம இடங்களை நம்பலாம்? D ஐ 1 நிமிடம் கூடுதலாக வாசித்தால் n இல் 0.00017 கூடும். A ஐ 1 நிமிடம் கூடுதலாக எடுத்தால் n இல் 0.00024 குறையும். அதாவது, அளக்கத் தேவையில்லை என்று மாணவர்கள் நினைக்கும் A தான், பாடுபட்டு அளக்கும் D ஐவிட விடையை அதிகம் அசைக்கிறது. ஆய்வக முப்பட்டகங்களின் கோணம் 60° இலிருந்து பத்து நிமிடம்வரை விலகியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதை அளக்காமல் 60° என்று போட்டால் மூன்றாம் தசம இடமே 2 வரை மாறிவிடும். இரண்டையும் கவனமாக அளந்தால் மூன்றாம் தசம இடத்தை உறுதியாக எழுதலாம். கணிப்பான் காட்டுகிறதே என்பதற்காக 1.620016 என்று எழுதுவது பொருளற்றது. குண்டூசி முறையில் கோணமானியால் D ஐ 1° அளவுக்கே நம்ப முடியும் என்பதால், அங்கே விடை 0.01 வரை தள்ளாடும்.

விடை 0.005 அளவுக்கு விலகியிருந்தால் D இல் அரைப் பாகைப் பிழையைத் தேடுங்கள். 0.1 விலகியிருந்தால், எங்கள் மாணவிக்கு நேர்ந்ததுபோல், கண்ணாடியே வேறு. இதே கோணமுள்ள கிரௌன் முப்பட்டகத்துக்கு D ஏறத்தாழ 38°40' தான்; பத்துப் பாகை வித்தியாசத்தை எந்த வாசிப்புப் பிழையும் உண்டாக்கிவிடாது.

நிறங்கள் விரிவது

இப்போது சோடியம் விளக்கை எடுத்துவிட்டு, பாதரச ஆவி விளக்கை வையுங்கள். இடையில் மின்சாரம் போனால் பாதரச விளக்கு ஆறும்வரை மறுபடி எரியாது. அதனால் கோடைக்காலத்தில் இந்தப் பகுதியைக் காலையிலேயே முடித்துவிடுகிறோம். தொலைநோக்கியில் ஒரே பிளவின் பிம்பம் இப்போது பல நிறங்களில், தனித்தனி இடங்களில் நிற்கும். நேர்க்கதிருக்கு அருகே மஞ்சள் இரட்டைக் கோடு, பிறகு பளிச்சென்ற பச்சை, தொலைவில் நீலம், அதற்கும் அப்பால் மங்கலான ஊதா. ஒவ்வொரு கோட்டுக்கும் மேடையைத் தனித்தனியே திருப்பிச் சிறும நிலையைப் பிடிக்க வேண்டும். பச்சைக்குப் பிடித்த நிலையிலேயே மேடையைப் பூட்டி, மற்ற நிறங்களையும் வாசிப்பவர்களுக்கு ஊதாவில் ஏறத்தாழ 2 நிமிடம் கூடிவிடும். அவசரத்துக்குப் பொறுக்கலாம், பழக்கமாக்கக் கூடாது.

நம் முப்பட்டகத்தில் 578 நானோமீட்டர் மஞ்சளுக்கு D = 48°18', 546 பச்சைக்கு 48°37', 436 நீலத்துக்கு 50°24', 405 ஊதாவுக்கு 51°16' என்று வந்தன. இவற்றிலிருந்து ஒளிவிலகல் எண்கள் முறையே 1.6209, 1.6241, 1.6420, 1.6506. நான்காம் இடம் ஐயத்துக்குரியதே. ஆனால் கோடுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் A இன் பிழை எல்லாக் கோடுகளையும் ஏறத்தாழ ஒரேபோல் தாக்குவதால், அந்த இடத்தையும் இங்கே வைத்துக்கொள்கிறேன். ஆய்வக ஏட்டில் கேட்கப்படும் நிறப்பிரிகைத் திறனை நீலம், பச்சை ஆகிய இரண்டைக் கொண்டு காணலாம்: வேறுபாடு 0.0179, இரண்டின் சராசரி 1.633, ஆகவே 0.0179 ஐ 0.633 ஆல் வகுக்க 0.028 கிடைக்கிறது.

எண்களை ஏட்டில் எழுதிவிட்டு மூடிவிடாமல், ஒரு கணம் ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சளுக்கும் பச்சைக்கும் அலைநீள வேறுபாடு 32 நானோமீட்டர். அவை 19 நிமிடம் பிரிகின்றன. நீலத்துக்கும் ஊதாவுக்கும் வேறுபாடு ஏறத்தாழ அதே 31 நானோமீட்டர்தான். ஆனால் அவை 52 நிமிடம் பிரிகின்றன. முப்பட்டகம் நிறமாலையைச் சீராக விரிப்பதில்லை. சிவப்புப் பக்கம் நெருக்கியும் ஊதாப் பக்கம் தாராளமாகவும் விரிக்கிறது. இதற்குக் காரணத்தைக் கண்ணாடிக்குள்தான் தேட வேண்டும்.

வெற்றிடத்தில் எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் செல்கின்றன. கண்ணாடிக்குள் ஒளியின் மின்புலம் அணுக்களில் கட்டுண்ட எலெக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் எலெக்ட்ரான்கள் தாமும் அதே அதிர்வெண்ணில் அலையை வெளியிடுகின்றன. வந்த அலையும் இந்தப் புதிய அலையும் சேர்ந்தே முன்னேறுவதால், அலைமுகடு பின்தங்கிச் செல்வதுபோல் ஆகிறது. வேகம் குறைந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். எலெக்ட்ரான்களுக்கு ஓர் இயல்பதிர்வெண் உண்டு. கண்ணாடியில் அது புற ஊதாப் பகுதியில் இருக்கிறது. ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்தை விட மிக மெதுவாக ஆட்டினால் அது நம் கையோடு சற்றே வந்து போகும். தாளத்தை நெருங்க நெருங்க வீச்சு வேகமாகப் பெருகும். காணும் நிறங்களில் ஊதாவே புற ஊதாவுக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே ஊதாவுக்கு எலெக்ட்ரான்கள் அதிகம் அசைகின்றன, அந்த ஒளி அதிகம் பின்தங்குகிறது, முகத்தில் அதிகம் வளைகிறது. நம் கண்ணாடியில் மஞ்சளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,85,000 கிலோமீட்டர். ஊதாவின் வேகம் ஏறத்தாழ 1,82,000. மொத்த நிறமாலையும் இந்தச் சிறு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஊதா முனையில் வீச்சு இன்னும் வேகமாக ஏறுவதால்தான், அங்கே அதே 31 நானோமீட்டருக்கு 52 நிமிடம் கிடைக்கிறது.

பிளின்டில் கலந்துள்ள ஈயம், இந்த உறிஞ்சல் பகுதியைக் காணும் ஒளிக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவருகிறது. அதனால் இரு கண்ணாடிகளின் வேறுபாடு விநோதமாக அமைகிறது: கிரௌனைவிடப் பிளின்ட் ஒளியை 1.25 மடங்குதான் அதிகம் திருப்புகிறது. ஆனால் மஞ்சளிலிருந்து ஊதாவரை கிரௌன் ஏறத்தாழ 1°9' விரிக்கும் இடத்தில், பிளின்ட் 2°58' விரிக்கிறது. திருப்புவதும் விரிப்பதும் எல்லாக் கண்ணாடியிலும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும் என்று நம்பியதால், நிறப்பிழை இல்லாத வில்லையைச் செய்யவே முடியாது என்ற முடிவுக்கு நியூட்டன் வந்தார். முப்பட்டகம் நிறங்களை உண்டாக்குவதில்லை, பிரிக்கிறது என்று நிறுவியவருக்கே இந்த இடம் தவறியது. கிரௌன் குவிவில்லையையும் பிளின்ட் குழிவில்லையையும் சேர்த்து, திருப்பத்தை மிச்சம் வைத்து விரிவை மட்டும் நீக்கும் வில்லையை 1758 இல் லண்டனில் டாலண்ட் வெளியிட்டார். நல்ல நிறமாலைமானியின் தொலைநோக்கியில் இருப்பதும் அத்தகைய இரட்டை வில்லைதான். மஞ்சளுக்குக் குவித்த தொலைநோக்கி ஊதாவுக்கும் கூர்மையாக இருப்பது அதனால்தான்.

கடைசியாக, நேரமிருப்பவர்களுக்கு ஒரு சோதனை. கோஷி சமன்பாடு ஒளிவிலகல் எண்ணை அலைநீளத்தின் வர்க்கத்தோடு இணைக்கிறது. அலைநீளத்தை மைக்ரோமீட்டரில் இட்டு, நீலம், பச்சை ஆகிய இரண்டு அளவுகளிலிருந்து அதன் மாறிலிகளைக் கண்டால் இப்படி வரும்.

```
n = 1.5927 + 0.00936/λ²
```

இதில் மஞ்சளின் 0.578 ஐ இட்டால் 1.6207 கிடைக்கிறது; நாம் அளந்தது 1.6209, வேறுபாடு வாசிப்புப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. ஊதாவின் 0.4047 ஐ இட்டால் 1.6499 தான் வருகிறது, அளந்தது 1.6506. இந்த 0.0007 ஐத் திசைமாற்றத்தில் சொன்னால் 4 நிமிடம். நம் வெர்னியருக்கு நன்றாகவே எட்டும் அளவு. ஊதா எப்போதும் சமன்பாடு சொல்வதைவிட அதிகமாகவே வளைகிறது. எலெக்ட்ரானின் இயல்பதிர்வெண் நெருங்கும்போது λ² உறுப்பு மட்டும் போதாமல், λ⁴ உறுப்பையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் அளவில் இந்த 4 நிமிடம் எதிர்த்திசையில் வந்தால், ஊதாவைச் சிறும நிலையில் வைத்தீர்களா என்பதை விட்டுவிட்டு, நீலக் கோட்டின் வாசிப்பை முதலில் சரிபாருங்கள். சிறும நிலை தவறினால் D கூடுமே தவிர ஒருபோதும் குறையாது.